சைவச் சமையலில் ஒமேகா-3: ஒரு வாரத்துச் சாப்பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

நாங்க சுத்த சைவம், முட்டைகூட கிடையாது. மீன் இல்லாமல் ஒமேகா-3 கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எந்த ஒமேகா-3 என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உணவில் முக்கியமாக மூன்று வகை உண்டு. செடிகளில் இருப்பது ஆல்பா லினோலெனிக் அமிலம். இந்தப் பக்கம் முழுக்க அதைச் சுருக்கமாக ஏ.எல்.ஏ. என்றே எழுதுகிறேன். மற்ற இரண்டும், அதாவது ஈ.பி.ஏ., டி.எச்.ஏ., மீனில் நிறைய இருப்பவை. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது என்று சொல்வது டி.எச்.ஏ.வைத்தான்.

ஏ.எல்.ஏ.வை நம் உடம்பே தயாரித்துக்கொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வந்ததில் கொஞ்சத்தை உடம்பு ஈ.பி.ஏ.வாக மாற்றிக்கொள்ளும். டி.எச்.ஏ.வாக மாறுவது அதைவிட மிகக் குறைவு, பல ஆய்வுகளில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெறும் வயதில், இந்த மாற்றம் ஆண்களைவிடச் சற்று நன்றாக நடக்கும்.

ஆகவே சைவக் குடும்பத்துக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஏ.எல்.ஏ. தினசரிச் சாப்பாட்டில் போதுமான அளவு இருக்கும்படி பார்த்துக்கொள்வது முதல் வேலை. டி.எச்.ஏ. யாருக்குத் தனியாக வேண்டும் என்று யோசிப்பது இரண்டாவது. முதல் வேலையை நம் அடுப்படியிலேயே முழுதாக முடித்துவிடலாம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த அளவைத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வளர்ந்த ஆணுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம், கர்ப்பிணிக்கு 1.4, பால் கொடுக்கும் தாய்க்கு 1.3. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு கிராம். இவை எல்லாம் ஏ.எல்.ஏ.வின் எடை, விதையின் எடை அல்ல.

தினமும் தராசு வைத்து அளக்க வேண்டாம். ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடினால் எதுவும் ஆகிவிடாது. வாரத்துக்கு மொத்தமாகக் கணக்குப் பார்ப்பதுதான் வீட்டுக்குச் சரிப்படும்.

எந்தெந்தப் பொருளில் இருக்கிறது? பாதாம் தினமும் ஊறவைத்துச் சாப்பிடுகிறோம், அது போதாதா?

பாதாமில் ஏ.எல்.ஏ. இல்லை என்றே சொல்லலாம். முந்திரியிலும் வேர்க்கடலையிலும் அப்படித்தான். இந்த மாதிரிக் கொட்டை வகைகளில் நமக்குக் கை கொடுப்பது வால்நட் மட்டும்தான். 100 கிராம் வால்நட்டில் 9 கிராம் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஆளி விதை. 100 கிராமில் சுமார் 23 கிராம் ஏ.எல்.ஏ. அடுத்தது சியா விதை, சுமார் 17 கிராம். இந்த இரண்டுக்கும் பிறகு அளவு சடாரென்று இறங்கிவிடும்.

ஆனாலும் நம் வீட்டில் ஏற்கெனவே புழங்கும் சில பொருள்களைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. அவற்றில் முதலில் வருவது உளுந்து. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 0.1 கிராம் ஏ.எல்.ஏ. கிடைக்க எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதன்படி உளுந்து, ராஜ்மா, காராமணி என்றால் 20 கிராம் போதும். மற்றப் பருப்புகள் என்றால் 60 கிராம், கீரை 60 கிராம், கம்பு அல்லது கோதுமை 70 கிராம் வேண்டும். அதாவது துவரம்பருப்பு கொடுப்பதைப்போல மூன்று மடங்கை உளுந்து கொடுக்கிறது. இட்லி, தோசை, உளுந்தஞ்சோறு, களி என்று வாரம் முழுக்க உளுந்து புழங்கும் வீட்டுக்கு இது சும்மா கிடைக்கிற வரவு.

கீரைகளில் பருப்புக்கீரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சதைப்பற்றான இலையும் சிவந்த தண்டுமாக இருக்குமே, அதுதான். மற்றக் கீரைகளைவிட அதில் ஏ.எல்.ஏ. நன்றாகவே அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் அளவோடு சாப்பிட வேண்டும், அதில் ஆக்சலேட் கூடுதல்.

ஆளி விதையை அப்படியே ஒரு ஸ்பூன் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறேன். சரிதானே?

அதில் பெரும்பகுதி வீணாகிறது. விதையின் மேல்தோல் வழுவழுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். நன்றாக மெல்லாவிட்டால் குடல் வழியாக முழுசாகவே போய்விடும். நார்ச்சத்தால் மலம் இளகும் பலன் கிடைக்கலாம், உள்ளே இருக்கும் எண்ணெய் உடம்பில் சேராது. பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். பொடியாக ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 7 கிராம் எடுத்தால் 1.6 கிராம் ஏ.எல்.ஏ. வந்துவிடும். ஒரு ஆணின் ஒரு நாள் தேவை அதோடு முடிந்தது.

பொடி பண்ணி வைத்தேன், வீட்டில் யாரும் தொடவில்லை. மருந்து மாதிரி இருக்கிறதாம். எப்படிச் சாப்பிட வைப்பது?

வெறும் பொடியாக மோரிலோ வெந்நீரிலோ கலக்கிக் கொடுத்தால் யாருக்கும் நாலு நாளைக்கு மேல் பிடிக்காது. இட்லிப் பொடியாக மாற்றிவிடுங்கள். வறுத்த ஆளி விதைக்கு எள்ளைப்போல ஒரு வாசனை உண்டு, மிளகாயும் பெருங்காயமும் சேர்ந்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கான அளவு இது: ஆளி விதை 75 கிராம், உளுந்து 50 கிராம், கடலைப்பருப்பு 25 கிராம், காய்ந்த மிளகாய் எட்டு, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, கல் உப்பு. தோல் உளுந்து இருந்தால் அதையே போடுங்கள், மணம் கூடும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். உளுந்தும் கடலைப்பருப்பும் பொன்னிறமாக, மிளகாய் கருகாமல், கறிவேப்பிலை நொறுங்கும் வரைக்கும். ஆளி விதையைக் கடைசியாக, எண்ணெய் விடாமல், சிறு தீயில் போடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு அடங்குவதற்கு முன்பே தட்டில் கொட்டிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கசக்கும்.

அடுத்ததுதான் பலருக்குச் சொதப்பும் இடம். எல்லாம் முழுக்க ஆறிய பிறகே மிக்சியில் போட வேண்டும். பருப்பு, மிளகாய், உப்பை முதலில் கொரகொரப்பாக அரைத்துவிட்டு, ஆளி விதையைக் கடைசியில் சேர்த்து, விட்டு விட்டு நாலு சுற்று சுற்றினால் போதும். சூட்டோடு போட்டாலோ நிறுத்தாமல் ஓட்டினாலோ எண்ணெய் பிரிந்து பொடி கட்டி கட்டியாகிவிடும்.

இப்படிச் செய்த பொடியில் ஏறக்குறையப் பாதி ஆளி விதை. தட்டில் 10 கிராம் பொடி, அதாவது குவியலாக ஒரு மேசைக்கரண்டி போட்டுக்கொண்டால் 1.1 கிராம் ஏ.எல்.ஏ. உள்ளே போகிறது. நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்துச் சாப்பிடலாம். மீந்த பொடியைக் கத்தரிக்காய் வதக்கலிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் இறக்கும்போது தூவுங்கள்.

ஒரு மாதத்துக்குச் சேர்த்து அரைத்து வைக்கலாமா?

வேண்டாம். ஆளி விதையில் உள்ள எண்ணெய் காற்று பட்டால் வேகமாகக் கெடும். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் ‘லின்சீட் ஆயில்’ இதே விதையின் எண்ணெய்தான். காற்றோடு சேர்ந்து இறுகிப்போகும் குணம் இருப்பதால்தான் அது வண்ணத்துக்குப் பயன்படுகிறது. அந்தக் குணமே நமக்கு எதிரி. தோல் உடையாத விதை, வெயில் படாத டப்பாவில் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். உடைத்துவிட்டால் கணக்கே வேறு.

ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளுக்கு மட்டும் அரைத்து, காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள். கெட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூக்கே போதும். நல்ல பொடியில் எள், கொட்டை வாசனை வரும். கெட்டதில் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த வாடை அடிக்கும், நாக்கில் போட்டால் தொண்டையில் கசப்பு நிற்கும். அப்படி இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கடையில் அரைத்தே விற்கும் ஆளிப் பொடியை நான் வாங்கச் சொல்வதில்லை, எப்போது அரைத்தது என்று நமக்குத் தெரியாது.

வறுத்தால், சப்பாத்தியில் போட்டுச் சுட்டால் சத்து போய்விடாதா?

விதைக்குள்ளோ மாவுக்குள்ளோ இருக்கும்போது ஏ.எல்.ஏ. சூட்டை நன்றாகவே தாங்கும். சிறு தீயில் வறுப்பதும், சப்பாத்தியாகச் சுடுவதும் பெரிதாகக் கெடுக்காது. பிரித்தெடுத்த ஆளி எண்ணெய் விஷயம் வேறு. அதைத் தாளிக்கவோ பொரிக்கவோ கூடாது. பச்சையாக மட்டுமே விட்டுக்கொள்ள வேண்டும், விலையும் அதிகம், சீக்கிரம் கெடவும் செய்யும். வீட்டுச் சமையலுக்கு விதையே போதும்.

சப்பாத்திக்கு 400 கிராம் மாவில் 25 கிராம் ஆளிப் பொடி சேர்க்கலாம். அது தண்ணீரை இழுக்கும், அதனால் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தேயுங்கள். இதற்கு மேல் பொடி கூடினால் சப்பாத்தி வறண்டு ஓரம் விரியும்.

ஒரு வாரத்துக்கு என்ன சமைப்பது என்று கணக்கோடு சொல்ல முடியுமா? அப்பா, அம்மா, பாட்டி, பத்து வயதுப் பெண், நாலு பேர்.

முதலில் தேவை. அப்பாவுக்கு 1.6, அம்மாவுக்கும் பாட்டிக்கும் 1.1 வீதம், பெண்ணுக்கு 1. மொத்தம் ஒரு நாளைக்கு 4.8 கிராம், வாரத்துக்கு 34 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இட்லிக்கு 300 கிராம் உளுந்து போட்டு மாவு அரைக்கும்போதே, மேலே சொன்ன பொடியையும் வறுத்து அரைத்துவிடுங்கள். திங்கள் காலை இட்லி, புதன் தோசை, வெள்ளி ஊத்தப்பம், மூன்று நாளும் பொடி. சட்னி வேண்டுமென்றால் அதுவும் இருக்கட்டும், பொடி தட்டில் இருந்தால் சரி.

செவ்வாய் இரவு ஆளிப் பொடி சேர்த்த சப்பாத்தி. தொட்டுக்கொள்ள எது வேண்டுமானாலும் செய்யலாம்.

மதியச் சாப்பாட்டில் மூன்று நாள் கீரை. திங்கள் முருங்கைக்கீரைப் பொரியல், வியாழன் பருப்புக்கீரைக் கடையல், ஞாயிறு அரைக்கீரை மசியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்ந்த கீரை ஒவ்வொரு தடவையும் 400 கிராம் இருக்க வேண்டும். நாலு பேருக்கு அது ஒன்றும் அதிகமில்லை. புதன்கிழமை 200 கிராம் காராமணியை ஊறவைத்துப் புளிக்குழம்பு.

சனிக்கிழமைக்கு உளுந்தஞ்சோறு. திருநெல்வேலி வீடுகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 100 கிராம் தோல் உளுந்தை வாசம் வர வறுத்து, 300 கிராம் அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவலோடு குழைவாக வேகவைப்பது. கூடவே எள்ளுத் துவையல். அந்தத் துவையலில் எள்ளில் பாதியை எடுத்துவிட்டு ஆளி விதை போட்டாலும் ருசி மாறாது.

வியாழன், ஞாயிறு மாலைகளில் ஆளுக்கு மூன்று வால்நட் பருப்பு. வாரத்துக்கு நாலு பேருக்கும் சேர்த்து 100 கிராம் ஆகும்.

இப்போது வரவைப் பார்ப்போம். இட்லிப் பொடியிலும் சப்பாத்தியிலுமாக ஆளி விதை 100 கிராம், அதில் 23 கிராம். வால்நட்டில் 9. மாவிலும் உளுந்தஞ்சோற்றிலும் போன உளுந்து 400 கிராம், அதில் 2. மூன்று நாள் கீரையில் 2. காராமணியில் 1. கூட்டினால் 37 கிராம். தேவைக்கு மேல் கொஞ்சம் கையிருப்பு.

மூன்றில் இரண்டு பங்கு ஆளி விதையிலிருந்தே வருவதைக் கவனித்திருப்பீர்கள். உளுந்தும் கீரையும் நல்ல துணை, ஆனால் அவை மட்டும் போதாது. ஊரில் இல்லாததால் பொடி அரைக்காத வாரங்களில் கணக்கு அப்படியே சரிந்துவிடும்.

வால்நட் விலை கட்டுப்படியாகாது. விட்டுவிடலாமா?

தாராளமாக. மேலே உள்ள கணக்கில் வால்நட்டை எடுத்துவிட்டு, ஆளி விதையை வாரத்துக்கு இன்னும் 30 கிராம் கூட்டினால் சரியாகிவிடும். எள்ளுத் துவையலில் பாதி ஆளி என்று சொன்னது, பிள்ளைகளுக்கு வெல்லப்பாகில் பிடிக்கும் உருண்டை, இரண்டிலும் அந்த 30 கிராம் போய்விடும்.

சியா விதையும் சர்பத்தில் போடும் சப்ஜா விதையும் ஒன்றுதானா?

வேறு வேறு. சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதை. கன்னங்கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடத்திலேயே உப்பி, சுற்றி வெள்ளைக் கூழ் கட்டும். சியா சாம்பலும் வெள்ளையும் கறுப்புமாகக் கலந்திருக்கும், ஊற நேரம் எடுக்கும். சப்ஜாவிலும் ஏ.எல்.ஏ. உண்டு. ஆனால் ஊறிய விதையை மெல்லாமல் விழுங்குவதுதான் வழக்கம் என்பதால் உடம்பில் சேர்வது குறையும். சியாவையும் லேசாகப் பொடித்துத் தயிர்ப் பச்சடியில் கலப்பது நல்லது. உலர்ந்த சியாவை அப்படியே விழுங்கக் கூடாது, தொண்டையில் உப்பி அடைக்கும்.

ஆளி விதை கிடைக்கும் வீட்டுக்குச் சியா அவசியம் இல்லை என்பது என் கருத்து. விலை பல மடங்கு.

எந்த எண்ணெய் வாங்குவது?

நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், இந்த நான்கிலுமே ஒமேகா-3 இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் சூரியகாந்தி எண்ணெய் வேறு ஒரு வழியில் குறுக்கே வருகிறது. சாதாரண வகையில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா-6. இதற்கும் ஏ.எல்.ஏ.வுக்கும் உடம்பில் வேலை செய்யும் நொதி ஒன்றேதான். ஒமேகா-6 குவிந்து கிடந்தால், ஏ.எல்.ஏ. ஈ.பி.ஏ.வாக மாறுவது இன்னும் குறையும்.

அதற்காக ஒமேகா-6 கெட்டது என்று ஓட வேண்டாம், அதுவும் தேவையானதே. எல்லாச் சமையலுக்கும் அந்த ஒரே எண்ணெயைக் கேன் கேனாக வாங்கி ஊற்றுவதை நிறுத்தினால் போதும். பொரியலுக்கும் அவியலுக்கும் தேங்காயெண்ணெய், தோசைக்கும் தாளிப்புக்கும் கடலெண்ணெய், பொடிக்கும் புளிக்குழம்புக்கும் நல்லெண்ணெய் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடுகெண்ணெயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏ.எல்.ஏ. உண்டு. அந்த நெடி பிடித்தவர்கள் வடநாட்டுச் சப்ஜிக்குப் பயன்படுத்தலாம். சாம்பாரில் அது ஒத்துவராது.

மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆளிப் பொடி போதுமா, டி.எச்.ஏ. மாத்திரை வேண்டுமா?

டி.எச்.ஏ. தனியாக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். பிள்ளையின் மூளையும் விழித்திரையும் வேகமாக வளரும் காலம் இது, ஆளி விதையிலிருந்து டி.எச்.ஏ.வாக மாறும் அளவை நம்பி இருக்க முடியாது. கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமாவது டி.எச்.ஏ. வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

மீனுக்கே டி.எச்.ஏ. கடல் பாசியிலிருந்துதான் வருகிறது. அந்த நுண்பாசியைத் தொட்டியில் வளர்த்து எடுக்கும் எண்ணெய் குளிகையாகக் கிடைக்கிறது. வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். எண்ணெய் பாசியிலிருந்து எடுத்ததா, மீனிலிருந்தா? மேலுறை ஜெலட்டினாக இருந்தால் அது மாட்டு, பன்றித் தோல் எலும்பிலிருந்து வருவது, ஆகவே பச்சைப் புள்ளி இருக்கிறதா? மூன்றாவது, முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணெயின் எடையை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் டி.எச்.ஏ. மட்டும் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். 500 என்று எழுதிய குளிகையில் டி.எச்.ஏ. அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். எதைத் தொடங்குவதானாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஆளி விதையில் ஹார்மோனைப்போல நடந்துகொள்ளும் லிக்னான் என்ற பொருள் இருப்பதால், கர்ப்பத்தின்போது அதன் அளவையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டி தைராய்டுக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குப் பொடி கொடுக்கலாமா?

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போடுவது. ஆளி விதையின் நாரும் கூழும் மருந்து உடம்பில் ஏறுவதைத் தடுக்கும், ஆகவே காலை மாத்திரைக்கும் பொடிக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். காலை இட்லியில் வேண்டாம், அவருக்கு மட்டும் மதியம் சாதத்தில் நெய்விட்டுப் பிசைந்து கொடுத்துவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஆளிப் பொடியைப் புதிதாகத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது வார்ஃபரின் என்றால் கீரையிலும் கவனம் தேவை. வைட்டமின் கே கீரையில் அதிகம், அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், ஆனால் வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்வார்கள். வாரத்தில் ஒரு நாள் இருந்த கீரையைத் திடீரென்று மூன்று நாளாக்கினால் ரத்தப் பரிசோதனைக் கணக்கு மாறிவிடும்.

வயதானவர்களுக்கு எந்த மருந்தும் இல்லாவிட்டாலும் ஒரு டீஸ்பூனில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள். எடுத்த உடனே ஒரு மேசைக்கரண்டி கொடுத்தால் வயிறு உப்பும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கலும் வரும்.

பையன் ஹாஸ்டலில் இருக்கிறான். பொடி கொடுத்து அனுப்பினால் கெட்டுவிடுமே?

ஃபிரிட்ஜ் இல்லாத அறைக்குப் பொடி அனுப்ப வேண்டாம். ஓட்டோடு இருக்கும் வால்நட் அனுப்புங்கள், ஓடு உடைக்காத வரைக்கும் நன்றாக இருக்கும். நாளைக்கு நாலு பருப்பு தின்றால் ஏறக்குறைய ஒன்றரை கிராம் ஆகிவிடும். வால்நட் முடியாது என்றால், ஆளி விதையை வறுத்து முழுசாகவே உப்பும் மிளகுத்தூளும் பிரட்டி, சின்ன டப்பாவில் கொடுத்துவிடுங்கள். ஒரு ஸ்பூன் வாயில் போட்டால் மொறுமொறுவென்று இருக்கும். விழுங்காமல் கூழாகும் வரை மென்று தின்னச் சொல்லுங்கள்.